நேர்த்திக் கற்கள்

விடிந்ததும் யசிந்தா செய்கிற முதல் வேலை செபம் அல்ல, மகளுக்குத் தொலைபேசி எடுப்பது. செபம் இரண்டாவது. இது முறையல்ல என்று அவளுக்கே தெரியும், ஆனால் மகளின் குரலைக் கேட்காமல் முழந்தாளில் இருந்தால் ஒரு மந்திரமும் வாயில் ஒழுங்காக வருவதில்லை.

"நிறஞ்சி, எவ்வளவு போயிட்டுது?"

"பெரிசா ஒண்டும் போகேல்லை அம்மா. கிணத்தடிக்குப் பக்கத்தில ஒரு துண்டு இடிஞ்சு விழுந்தது."

"கிணத்தடியோ? கிணறு வீட்டுக்குப் பின்னால எல்லோ?"

"முன்னாலதான் அம்மா. எத்தினை தரம் வந்து போறியள், இன்னும் கிணறு எங்க கிடக்கெண்டு தெரியாதோ?"

தெரியும். முன்னாலதான். பின்னால் இருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டு அப்படிக் கேட்டுவிட்டாள். கலியாணம் முடித்து நிறஞ்சலா புதுவாடிக்குப் போன நாளில், அந்தக் கிணற்றடியில் நின்றால் கடல் சத்தம் மட்டும்தான் கேட்கும். தென்னைகள் மறைத்து நிற்கும். இப்போது தென்னைகள் வேரோடு தண்ணீருக்குள் கிடக்கின்றன. கிணற்றடிக்கும் கடலுக்கும் நடுவில் மண் செங்குத்தாக வெட்டி விட்ட மாதிரி, ஆளுயரத்துக்கு இறங்கி நிற்கிறது.

புதுவாடி தொலைவில் இல்லை. யசிந்தாவின் ஊரான சூசைமுனையிலிருந்து கரையோரமாக வடக்கே, சிலாவத்துறைப் பக்கம் பார்த்து நடந்தால், ஒரு செபமாலை சொல்லி முடிக்கும் தூரம். இரண்டு ஊருக்கும் ஒரே கடல், ஒரே பங்கு, பூசை வைக்கிற சுவாமியும் ஒருவர். ஆனால் சூசைமுனையில் கடல் அடங்கிக் கிடக்கிறது. புதுவாடியில் அதே கடல் வெறி பிடித்து நிற்கிறது. சூசைமுனைக்காரர் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்: எங்கள் கோயில் புனிதர் யாகப்பர் எங்களைக் காப்பாற்றினார்.

மூன்று வருடத்துக்கு முன் கடலில் அரிபட்டது சூசைமுனைதான். முதல் வரிசை வீடுகளின் குசினிகள் அடுப்போடு போயின. யாகப்பர் கோயிலின் கொடிமரத்தடிக்கு அலை வந்தது. ஊரே கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, கடைசியில் அரசாங்கம் கரை நீளத்துக்குக் கருங்கல்லால் அணை கட்டிக் கொடுத்தது. அணை ஊர் எல்லையோடு நின்றது. அதற்கு அங்கால் புதுவாடிக்காரர் வலை இழுக்கிற இடம், அவர்களின் கரைவலைப் பாடு. கரைக்கு இழுக்கிற வலை கல்லில் மாட்டினால் கிழிந்து போகும், ஒரு கல்லும் எங்கட பக்கம் போடக் கூடாது என்று அவர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கட்டி முடித்த பிறகு கல் மிஞ்சியது. அணையின் வடக்கு முடிவில் ஒரு குவியல், சின்னதும் பெரியதுமாக. அந்த வருடம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலத்தில், மீனவர் சங்கத் தலைவரும் யசிந்தாவின் புருஷனுமான கொலின்சுக்கு ஒரு யோசனை உதித்தது. கொலின்சுக்கு யோசனை உதிப்பது அருமை, உதித்தால் ஊர் தாங்காது. "குவியலைச் சும்மா விடாமல் கடலுக்குள்ள குறுக்கால நீட்டி விட்டால் படகு ஒதுங்க ஒரு துறை கிடைக்குமெல்லோ?" பெரிய கற்களை பெக்கோ இயந்திரம் ஒன்று உருட்டி விட்டது. இடைவெளிகளை அடைப்பது ஊரின் தவமாயிற்று. வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதைச் செபம் முடிந்ததும் ஆளுக்கொரு கல்லைத் தோளில் சுமந்து, ஒரு நேர்த்தியை மனதில் வைத்து, கடலுக்குள் நீண்ட அந்தக் கல் வரிசையில் கொண்டு போய் வைத்தார்கள். மகன் கப்பலில் சுகமாக இருக்க ஒரு கல், குடியை விட ஒரு கல், முழங்கால் வலிக்கு ஒரு கல். அதற்கு யாகப்பர் துறை என்று பெயரும் வைத்தாயிற்று.

யசிந்தா வைத்தது மகளுக்குப் பிள்ளை கிடைக்க வேண்டுமென்று. கலியாணமாகி ஆறு வருடம் ஒன்றுமில்லாமல் இருந்தவள் நிறஞ்சலா. கல் வைத்தும் ஒரு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. யாகப்பர் எவ்வளவு நேர்த்திகளைத்தான் பார்ப்பார் என்று யசிந்தா பொறுத்திருந்தாள். அடுத்த வருடம் மார்கழியில் மகள் எடுத்த தொலைபேசியில் அழுகைதான் முதலில் கேட்டது, பிறகு செய்தி. யசிந்தா கையில் இருந்த கருவாட்டுக் கடகத்தோடு கோயிலுக்கு ஓடினாள். கருவாட்டு மணத்தோடு யாகப்பரின் காலைத் தொட்டவள் அந்தப் பங்கிலேயே அவள் ஒருத்திதான்.

துறையும் அருள் பொழிந்தது. அதன் தெற்குப் பக்கத்தில் மண் ஏறிக்கொண்டே வந்தது. அணைக்கு முன்னால் ஒரு அகலமான வெள்ளைக் கரை. படகுகள் சுகமாக ஏறின, பெண்கள் கருவாடு காய விரித்தார்கள். வந்த மண் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. யாகப்பர் தந்தது என்று எல்லோருக்கும் தெரியுமே!

சித்திரை கடைசியில் மன்னாரில் இருக்கிற கரையோரப் பாதுகாப்புக் கந்தோரிலிருந்து பிரேமினி என்கிற பிள்ளை வந்து இறங்கினாள். புதுவாடிக்காரர் முறைப்பாடு செய்திருந்தார்கள். மெலிந்த பிள்ளை, பெரிய தொப்பி, கையில் ஒரு பை செம்மஞ்சள் நிறத் தோடம்பழம். தங்களுக்குத் தரத்தான் கொண்டு வந்திருக்கிறாள் என்று கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நினைத்தார்கள். அவள் ஒரு பழத்தை எடுத்து அலைக்குள் எறிந்தாள்.

"பிள்ளை, என்ன வீண் வேலை இது?" என்றாள் யசிந்தா.

"தோடம்பழம் தண்ணிக்கு மேல கொஞ்சம்தான் தெரியும் அன்ரி. காத்து இழுக்காது, தண்ணி போற பக்கம்தான் போகும். பாருங்கோ."

அன்றைக்குத் தெற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று இலேசாகத் தொடங்கியிருந்தது. பழம் கரைக்கு வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வடக்கே. யசிந்தாவும் கூடவே நடந்தாள். பழம் யாகப்பர் துறைக்குப் போய்ச் சேர்ந்ததும் நின்று தடுமாறி, கல் ஓரமாகத் திரும்பி, கடலைப் பார்த்து வெளியே போனது.

"சோளகத்தில அலை கரைக்கு நேரா வாறேல்லை, சரிஞ்சு வருது" என்றாள் பிரேமினி. "ஏறேக்க சரிவா ஏறும், இறங்கேக்க நேரா இறங்கும். மண்ணும் அப்பிடியே ஏறி இறங்கி வடக்க போகும். வடக்கால வாடை அடிக்கேக்க கொஞ்சம் திரும்பி வரும், போற அளவுக்கு வராது. இஞ்ச குவிஞ்சு கிடக்கிறது உங்கட மண் இல்லை அன்ரி. தெற்க முள்ளிக்குளப் பக்கத்தில இருந்து வந்து, உங்கட வாசலால புதுவாடிக்குப் போற மண். வழியில மறிச்சு வைச்சிருக்கிறியள்."

"மறிச்சால் அங்க மண் வராது, அவ்வளவுதானே. ஏன் இருக்கிறதும் போகுது?"

"அலை அங்கயும் வடக்க இழுத்துக்கொண்டுதான் இருக்குது. வாறது நிண்டுட்டுது, போறது நிக்கேல்லை."

யசிந்தா துறையில் நின்று வடக்கே பார்த்தாள். சோளக காலத்தில் கொலின்சின் வலை அறுந்தால் அதைத் தேடிச் சிலாவத்துறைக்குத்தான் போவார்கள். தெற்கே ஒருவரும் போவதில்லை. வலை போகிற வழியில்தான் மண்ணும் போகும் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை.

"அப்ப துறையோட அணையையும் உடைக்கச் சொல்லுறீரோ?"

"இல்லை. அணையும் பிழை செய்யுதுதான். முந்தி அலை உங்கட கரையை அரிச்சு அந்த மண்ணையும் அங்க குடுத்தது, இப்ப அதைப் பூட்டியாச்சு. அணை முடியிற மூலையில அலை திரும்பி அடிக்கவும் செய்யுது. ஆனால் அதை எடுத்தால் உங்கட முதல் வரிசையும் கோயிலும் போயிடும். இந்தக் குறுக்குக் கல்லை எடுங்கோ. சோளகம் இறுக முந்தி எடுத்தால், இஞ்ச நிக்கிற மண் அங்க போய்ச் சேரும். அந்த மூலைக்குப் பக்கத்து வீடுகள்தான் முதல்ல தப்ப வேணும்."

மூலைக்குப் பக்கத்து வீடு நிறஞ்சலாவின் வீடு.

அன்றிலிருந்து யசிந்தாவுக்கு நித்திரை போனது. துறையை எடுக்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. பயம் வேறு. நேர்த்தி வைத்துப் பிள்ளை கேட்டாள், பிள்ளை வந்தது. வைத்த கல்லைத் திருப்பி எடுத்தால்? கொடுத்தவர் திருப்பிக் கேட்க மாட்டாரா? நிறஞ்சலாவுக்கு ஆறாவது மாதம். வீடு போனால் இன்னொன்று கட்டலாம், வயிற்றில் இருப்பது போனால்? இந்தக் கேள்வியை அவள் வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயந்தாள், சொன்னால் யாகப்பருக்கு ஞாபகம் வந்துவிடும் என்று.

கடைசியில் சுவாமியிடம் போய்ச் சொன்னாள். சுவாமி சிரித்தார். "கல் எங்க கிடக்குதெண்டு பாத்தோ யசிந்தா ஆண்டவர் பிள்ளை தாறார்?" சுவாமிக்கு என்ன, அவரா பிள்ளை பெற்றார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் சங்கம் கூடியது. பிரேமினி சொன்னதைக் கொலின்ஸ் எடுத்துச் சொல்லி முடிக்குமுன் ஜஸ்ரின் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். மகனைக் கப்பல் வேலைக்கு அனுப்பியவன், கல்லிலேயே பெரிய கல் சுமந்தவன்.

"என்ர பெடியன் நடுக்கடலில நிக்கிறான். அவனுக்கு வைச்ச கல்லில ஆரும் கை வைக்கட்டும் பாப்பம்!"

"படகை எங்க ஏத்துறது? உந்த அணைக் கல்லிலயோ?" என்றான் இன்னொருவன்.

"அவங்கட பாட்டில கல் வேண்டாமெண்டு துள்ளினது அவங்கள்தானே. இப்ப அழுதால்?"

கொலின்ஸ் மனைவியைப் பார்த்தார். மகளின் தகப்பன், சங்கத்தின் தலைவர், துறையின் பிதா. மூன்றில் எதுவாக வாய் திறப்பது என்று தெரியாமல் மனிதன் விழி பிதுங்கினார். பெண்கள் பக்கத்தில் இருந்த யசிந்தா ஏதாவது சொல்வாள் என்று நினைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மருமகன் றொட்னி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரி, எடுக்க வேண்டாம்" என்றான் றொட்னி. "நாங்களும் கல் கொட்டுறம். வலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். பிறகு எங்களுக்கு வடக்க இருக்கிறவன் அழட்டும். அவனுக்கு அங்கால இருக்கிறவன் அழட்டும்." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

வைகாசி நடுப்பகுதியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று ஒரு நாள் முழுக்க அடித்தது. மறுநாள் காலை யசிந்தா தொலைபேசி எடுத்தாள். நிறஞ்சலா எடுக்கவில்லை. மறுபடி எடுத்தாள். மூன்றாம் முறை றொட்னி எடுத்தான்.

"மாமி, பயப்பிடாதேங்கோ."

இதைக் கேட்டு எந்தத் தாய் பயப்படாமல் இருந்தாள்? நிறஞ்சலா தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். நின்ற இடம் மேலே நல்ல மண்ணாகத்தான் இருந்தது. கீழே அலை குடைந்து எடுத்துவிட்டது தெரியவில்லை. கிணற்றுக் கட்டோடு சேர்ந்து அவளும் கீழே போய்விட்டாள். இப்போது ஆஸ்பத்திரியில். இரத்தம் கண்டிருக்கிறது.

யசிந்தாவும் கொலின்சும் ஓட்டோவில் போன அந்த வழி முழுக்க அவள் ஒரு செபமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? என்ன கேட்பது? கேட்டுக் கேட்டுத்தானே இந்த வினை.

நிறஞ்சலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளையின் இதயம் அடிக்கிறது, ஆனால் எழும்பக் கூடாது, இரண்டு நாள் போனால்தான் சொல்லலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். யசிந்தா மகளின் காலைத் தடவினாள். முழங்கால் உரிந்திருந்தது.

"அம்மா" என்றாள் நிறஞ்சலா, திரும்பாமல். "கூட்டத்தில நீங்கள் வாயே திறக்கேல்லையாம். உண்மையோ?"

"பயமாக் கிடந்தது பிள்ளை. உனக்காக வைச்ச கல்லெல்லோ."

"எனக்காக வைச்ச கல்லுத்தான் அம்மா என்னை விழுத்தினது."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். மகள் அதைத் தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னாள். யசிந்தா வெளி விறாந்தைக்கு வந்து, அங்கிருந்த நீள வாங்கில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடிந்தபோது அவளுக்குப் பயம் போய்விடவில்லை. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது மாறியிருந்தது. பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டிருந்த புருஷனிடம் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, வெள்ளிக்கிழமை கோயில் மணி அடிக்கச் சொல்லுங்கோ. சிலுவைப்பாதை வைப்பம்."

"தபசு முடிஞ்சு வைகாசியிலயோ? உனக்கென்ன, தலை சுகமில்லையோ?"

"கல்லைச் சுமந்துகொண்டுதானே போட்டனாங்கள். சுமந்துகொண்டே எடுப்பம். எறியிறேல்லை. கோயில் வளவுக்குக் கொண்டு வந்து யாகப்பருக்குப் பக்கத்திலயே வைப்பம். கடலுக்குள்ள கிடந்த நேர்த்தி கோயிலுக்குள்ள கிடக்கட்டும். இதைவிட அவருக்கு என்ன வேணும்?"

கொலின்ஸ் வாங்கிலிருந்து எழும்பினார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து முதலில் பெக்கோக்காரனையும், பிறகு சுவாமியையும், பிறகு பிரேமினியையும் கூப்பிட்டார். தலைவர் என்றால் அப்படித்தான், ஒழுங்கு முக்கியம்.

வெள்ளிக்கிழமை பாதி ஊர்தான் வந்தது. ஜஸ்ரின் வந்தான், உதவ அல்ல, காவலுக்கு. துறையின் நுனியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முதல் கல்லை யசிந்தா எடுத்தாள். அது அவள் வைத்த கல்தானா என்று அவளுக்கே தெரியாது. இரண்டு வருடத்தில் எல்லாக் கல்லிலும் பாசியும் சிப்பியும் ஏறி, ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல் கிடந்தன. தன்னுடையதைத்தான் சுமப்பேன் என்று வந்த பெண்கள் குனிந்து குனிந்து தேடிக் களைத்து, இது உன்னுடையது, இல்லை அது என்னுடையது என்று சண்டை பிடித்து, கடைசியில் கையில் அகப்பட்டதைத் தூக்கினார்கள். முழங்கால் வலிக்காரி யாரோ ஒருவனின் குடியைச் சுமந்தாள்.

ஜஸ்ரின் அரை நாள் அப்படியே நின்றான். அவனைச் சுற்றிக் கல் குறைந்துகொண்டே வந்தது. பிறகு குனிந்து, இருந்ததிலேயே பெரியதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பாராமல் கோயிலுக்கு நடந்தான். அடுத்து வந்த நாட்களில் பெரிய கற்களை பெக்கோ தூக்கியது. பிரேமினி நின்று, அவற்றை அணையின் முடிவு மூலையில், கரைப் பக்கமாக வளைத்துச் சரிவாக அடுக்க வைத்தாள். மூலை இனி முன்னைப் போல் கடிக்காது என்றாள். கடிக்கவே கடிக்காது என்று அவள் சொல்லவில்லை. யசிந்தா அதைக் கவனித்தாள்.

"மண் எப்ப பிள்ளை போய்ச் சேரும்?"

"சோளகம்தான் கொண்டு போக வேணும் அன்ரி. கிழமைக் கணக்கும் ஆகலாம், இந்தப் பருவம் முழுக்கவும் ஆகலாம். அதுவரை அங்க முன் வரிசையில ஒருத்தரும் படுக்க வேண்டாம்."

நிறஞ்சலாவின் இரத்தம் நின்றது. பிள்ளை தங்கிவிட்டது, ஆனால் எட்டாம் மாதம் வரை அசையக் கூடாது என்று சொல்லி, றொட்னியின் தமக்கை வீட்டில், புதுவாடியின் பின் வரிசையில் கிடத்தினார்கள். யசிந்தாவின் விடியற்காலைக் கேள்வி இரண்டாகியது: பிள்ளை துடிக்குதோ, மண் வந்ததோ. முதலாவதற்கு ஓம். இரண்டாவதற்கு இல்லை, இல்லை, இன்னும் இல்லை. ஒருநாள் குசினிச் சுவர் போனது. இன்னொரு நாள் குசினி முழுக்கப் போனது.

இந்தப் பக்கம் மண் போய்க்கொண்டிருந்தது. யாகப்பர் தந்த கரை ஒவ்வொரு கடல் பெருக்குக்கும் ஒடுங்கியது. கருவாடு காயப்போட்ட இடத்தில் தண்ணீர் நின்றது, பிறகு அணையின் அடிக்கல் வெளியே தெரிந்தது. அலை கல்லில் அடித்துச் சிதறும் சத்தம் மறுபடி வீடுகளுக்குள் கேட்டது. படகுகளைக் கோயிலுக்குத் தெற்கே, ஊரைத் தாண்டி, அணை இல்லாத குடாவுக்குக் கொண்டு போனார்கள். தூரம். ஆண்கள் வலையும் எஞ்சினும் சுமந்த களைப்பில் யசிந்தாவைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். பெண்கள் அந்த அளவுக்குப் பொறுமை காட்டவில்லை. "மகளுக்கு மண் குடுத்த மகராசி வாறா" என்றாள் ஒருத்தி, கேட்கும்படியாகவே. யசிந்தாவுக்குச் சுட்டது. அவளும் இப்போது கருவாட்டைக் கூரைத் தகரத்தில்தான் காயப்போட்டாள்.

ஆடிப் பிறப்புக்குச் சில நாள் முன்பு, விடியற்காலை, அவள் எடுக்குமுன் தொலைபேசி அடித்தது. மகள் தானாக எடுக்கிற நேரமில்லை அது.

"என்ன பிள்ளை? வலிக்குதோ? இரத்தமோ?"

"இல்லை அம்மா! ஒண்டுமில்லை. கொஞ்சம் நடக்கலாமெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ, வீட்டடிக்கு வந்தனான். அம்மா, மண் வந்திருக்கு. குசினி நிண்ட இடத்துக்கு முன்னால மேடு கட்டியிருக்கு. வெள்ளை மண். கால் புதையுது. வீட்டின்ர மிச்சம் நிக்கும்போல கிடக்கு அம்மா."

யசிந்தா தொலைபேசியைக் காதில் வைத்தபடி வெளியே வந்தாள். முன்னால் அணை. அணைக்கு முன்னால் கரை என்று சொல்ல ஒரு பாய் விரிக்கும் மண் இல்லை. அலை ஒன்று எழும்பிக் கல்லில் அடித்து, உப்புத் தண்ணீர் அவள் வாசல் வரை தெறித்தது.

"அம்மா, கேக்குதோ? உங்கட பக்கம் கரை எப்பிடி? இன்னும் அகலமாக் கிடக்கோ?"

"கிடக்கு பிள்ளை" என்றாள் யசிந்தா. முகத்தைச் சேலையால் துடைத்தாள். "நல்லாக் கிடக்கு. நீ வெயில் ஏற முந்தி உள்ள போ."